ஒரு வருஷத்தில் பி1: ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் சேரப்போவது ஆங்கிலத்தில் நடக்கும் மாஸ்டர்ஸ். ஜெர்மன் எந்த லெவல் வரை படித்தால் போதும்?

பி1 வரை, அதாவது ஏ1, ஏ2, பி1, பி2, சி1 என்று ஏறும் மொழித் தரங்களில் மூன்றாவது படி. வகுப்பறைக்குள் ஆங்கிலம் பார்த்துக்கொள்ளும். ஆனால் வீடு கிடைத்துக் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவர் ஆங்கிலத்தில் பேசியே ஆகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அப்புறம் வாடகை ஒப்பந்தம், வங்கி, மருத்துவர், பகுதிநேர வேலை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போகும் மாணவர்கள் வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம் என்று 2024 மார்ச்சிலிருந்து விதி இருக்கிறது. ஆனால் கடை, உணவகம் போன்ற இடங்களில் ஜெர்மன் பேசுகிறவருக்குத்தான் அந்த நாட்களைப் பயன்படுத்திக்கொள்ள வழி சுலபமாகக் கிடைக்கும்.

ஏ2-வோடு நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்றால், கேள்வியை நீங்கள் அழகாகக் கேட்டுவிடுவீர்கள், எதிரே இருப்பவர் சொல்லும் பதில் பாதிதான் புரியும். அந்தப் பதில் புரிய ஆரம்பிக்கும் இடம் பி1.

இன்னொன்று: ஆங்கில மாஸ்டர்ஸிலும் சில பல்கலைக்கழகங்கள் சேரும்போதோ முதல் வருஷத்துக்குள்ளோ ஏ1 அல்லது ஏ2 சான்றிதழ் கேட்கும். உங்கள் பாடப்பிரிவின் பக்கத்தில் மொழித் தகுதி என்ற பகுதியை முழுதாகப் படித்துவிடுங்கள்.

ஆறு மாதத்தில் பி2 முடித்துத் தருகிறோம் என்று விளம்பரம் பார்த்தேன். ஒரு வருஷத்தில் பி1 என்பது மெதுவாக இல்லையா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஜெர்மன் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோத்தே இன்ஸ்டிடியூட் 45 நிமிஷத்தை ஒரு வகுப்பு அலகாக வைத்து, தொடக்கத்திலிருந்து ஏ1 முடிக்க 80 முதல் 200, ஏ2-வுக்கு 200 முதல் 350, பி1-க்கு 350 முதல் 650, பி2-வுக்கு 600 முதல் 800 அலகுகள் வரை ஆகலாம் என்கிறது. பி1-க்கு நடுவாக 500 என்று வைத்துக்கொண்டால் 375 மணி நேரம். இதில் வீட்டில் உட்கார்ந்து படிப்பது சேராது.

வருஷத்துக்கு 52 வாரம் என்றாலும், கல்லூரியில் இறுதியாண்டில் இருப்பவருக்கு அத்தனையும் கையில் வராது. நவம்பர், டிசம்பரில் ஒரு செமஸ்டர் தேர்வு, ஏப்ரல், மே மாதத்தில் இன்னொன்று, கடைசியில் விசாவும் பயண ஏற்பாடும். இதெல்லாம் போக ஏறக்குறைய 40 வாரம்தான் மிஞ்சும். அப்படியானால் வாரத்துக்குச் சராசரியாக ஒன்பது, பத்து மணி நேர வகுப்பு, அதற்கு மேல் வீட்டில் நான்கைந்து மணி நேரம். கல்லூரிக்குப் போய்க்கொண்டே இதைச் செய்யலாம்.

ஆறு மாதத்தில் பி2 என்றால் குறைந்தபட்சக் கணக்கான 600 அலகையே எடுத்தாலும் 450 மணி நேரம். 26 வாரத்தில் வாரம் பதினேழு மணிக்கு மேல் வகுப்பு, வீட்டுப் படிப்பு தனி. வேறு வேலை எதுவும் இல்லாமல் முழுநேரமும் ஜெர்மனுக்கே கொடுக்கிறவரால் முடியும். மற்றவர்கள் பாடப்புத்தகத்தைத்தான் முடிப்பார்கள்.

மாதவாரியாக எப்படிப் பிரிப்பது? ஒரு உதாரணம் கொடுங்கள்.

கோவையில் மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். அடுத்த அக்டோபரில் தொடங்கும் குளிர்கால செமஸ்டரில் சேர வேண்டும். ஜெர்மனை இந்த செப்டம்பரில் தொடங்குகிறார். திங்கள், புதன், வெள்ளி மாலை இரண்டு மணி நேரம், ஞாயிறு மூன்று மணி நேரம், ஆக வாரம் ஒன்பது.

செப்டம்பரும் அக்டோபரும் ஏ1-இன் பெரும்பகுதிக்கு. கிட்டத்தட்ட 100 அலகு ஓடிவிடும். அக்டோபர் முடிவில் அவர் தன் பெயரை எழுத்தெழுத்தாக ஜெர்மனில் சொல்ல வேண்டும், தொலைபேசி எண்ணைக் கேட்டு எழுத வேண்டும், முப்பது வார்த்தையில் ஒரு மின்னஞ்சல் எழுத வேண்டும். எண்களில் கூடுதல் நாள் செலவிடட்டும். 53 என்பதை ஜெர்மனில் 'மூன்றும் ஐம்பதும்' என்று திருப்பித்தான் சொல்வார்கள், காது பழகாவிட்டால் கை 35 என்று எழுதிவிடும். மணியில் இன்னொரு சிக்கல் உண்டு. 'ஹால்ப் ஆஹ்ட்' என்றால் பாதி எட்டு, அதாவது ஏழரை. எட்டரை என்று எடுத்துக்கொண்டால் ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நிற்பீர்கள்.

இதே அக்டோபரில் ஏபிஎஸ் வேலையையும் தொடங்கிவிட வேண்டும். இந்திய மாணவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் இந்த ஆவணம் 2022 நவம்பரிலிருந்து மாணவர் விசாவுக்குக் கட்டாயம். பிற்பாடு அவசரமாக ஓடினால் பிப்ரவரி, மார்ச் மாத ஜெர்மன் நேரத்தை அது விழுங்கிவிடும்.

நவம்பரிலிருந்து டிசம்பர் பாதி வரை வகுப்பு கிடையாது, செமஸ்டர் தேர்வு. ஆனால் தினமும் அரை மணி நேரம் பழைய சொற்களையும் வினை வடிவங்களையும் புரட்ட வேண்டும். முழுதாக விட்டுவிட்டு ஜனவரியில் வருகிறவர்கள் அக்டோபர் பாடத்தை மறுபடி முதலிலிருந்து எடுக்கிறார்கள். இதை நான் ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன்.

டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி பாதி வரை ஏ1-இல் மிச்சமிருப்பது: முடியும், வேண்டும் போன்ற துணைவினைகள், பிரிந்து நிற்கும் வினைகள், இறந்தகாலம். ஜனவரி நடுவில் கோத்தே தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாதிரித் தேர்வைக் கடிகாரம் வைத்து எழுதட்டும். தேர்ச்சிக்கு நூற்றுக்கு 60 போதும். ஆனால் வீட்டில் எழுதும்போது 80 வராவிட்டால் ஏ2-வுக்குள் போக வேண்டாம், இன்னும் ஒரு வாரம் அங்கேயே இருக்கலாம்.

ஜனவரி பாதியிலிருந்து மார்ச் முடிவு வரை ஏ2, 120 அலகு. பிப்ரவரி கடைசியில் ஒரு சோதனை: நேற்று என்ன நடந்தது என்று தாளைப் பார்க்காமல் இரண்டு நிமிஷம் பேச வேண்டும். மார்ச் கடைசியில் ஏ2 மாதிரித் தேர்வு. பல்கலைக்கழக விண்ணப்பங்களின் கடைசித் தேதிகள் பலவும் மார்ச்சுக்கும் ஜூலை 15-க்கும் இடையில் வருவதால், நோக்கக் கட்டுரை எழுதும் வேலையும் இந்த மாதங்களில்தான் விழும். முடிந்தால் ஜனவரிக்குள் முதல் வரைவை எழுதி வைத்துவிடுவது நல்லது.

ஏப்ரலிலிருந்து மே பாதி வரை பி1 தொடங்கிவிட்டாலும் வேகம் குறையும், வாரம் ஐந்து மணி நேரம் கிடைத்தால் பெரிது. கல்லூரி முடிந்த பிறகு, மே பாதியிலிருந்து ஜூலை கடைசி வரை, வாரம் பதினான்கு மணி நேரம். மொத்தம் கூட்டிப் பாருங்கள், 500 அலகு வந்துவிடுகிறது. ஜூலை கடைசியில் பி1 தேர்வு. ஆகஸ்ட், தேர்வில் தேறாத பகுதி இருந்தால் அதைத் திரும்ப எழுதுவதற்கான மாதம். செப்டம்பரில் பெட்டி கட்டும் வேலை.

ஏ1, ஏ2 தேர்வுகளையும் எழுத வேண்டுமா, நேராக பி1 எழுதலாமா?

நேராக எழுதலாம், தடை எதுவும் இல்லை. பல்கலைக்கழகம் ஏ1 சான்றிதழைக் குறிப்பிட்டுக் கேட்டால் ஒழிய, அந்தக் கட்டணத்தை மிச்சம் பிடித்து மாதிரித் தேர்வுகளை வீட்டில் எழுதினாலே போதும்.

ஆனால் பி1 தேதியை மட்டும் முன்கூட்டியே பிடித்துவிடுங்கள். கோத்தே இன்ஸ்டிடியூட்டின் சென்னைக் கிளையான மாக்ஸ் முல்லர் பவனில் ஜூன், ஜூலை இடங்கள் வேகமாக நிரம்பும், அந்த மாதங்களில் தமிழ்நாடு முழுவதும் இதே திட்டத்தோடு மாணவர்கள் இருப்பார்கள். ஏப்ரலிலிருந்தே தேதிப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

டேர், டீ, டாஸ் எது எதற்கு என்று எவ்வளவு படித்தாலும் மனதில் நிற்கவில்லை.

ஜெர்மனில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து அதன் பாலைக் காட்டுவது இந்த மூன்றும்: டேர் ஆண்பால், டீ பெண்பால், டாஸ் இரண்டும் அல்லாதது. தமிழில் ஆண்பால், பெண்பால் எல்லாம் பொருளைப் பார்த்து வருகிறது. மேசைக்கும் விளக்குக்கும் பால் இருக்கிறது என்பதே நமக்குப் புதிது, அதனால் காரணம் தேடிக்கொண்டே இருப்போம். அங்கே காரணம் கிடையாது, ஆனால் சொல்லின் கடைசி ஒலியில் துப்பு இருக்கிறது. உங், ஹைட், கைட், ஷாஃப்ட், ட்சியோன் என்று முடியும் சொற்கள் டீ. சிறியதைக் குறிக்கும் ஹென், லைன் விகுதிகள் டாஸ். பெண்ணைக் குறிக்கும் மெட்ஹென் என்ற சொல்கூட இந்த விதியால் டாஸ்தான். இந்த விகுதிகளை முதல் மாதமே படித்துவிட்டால் பெரிய பாரம் இறங்கும்.

மற்ற சொற்களை டேர், டீ, டாஸ் ஒட்டியபடியே நோட்டில் எழுத வேண்டும். 'டிஷ், மேசை' என்று எழுதாமல் 'டேர் டிஷ்' என்று எழுதி, அப்படியே வாய்விட்டுச் சொல்லுங்கள். ஏ1 பட்டியலில் ஏறக்குறைய 650 சொல், ஏ2-வில் 1300, பி1-இல் 2400. முதல் 650-ஐ இப்படிப் படித்தவர்கள் மார்ச்சில் வேற்றுமைக்குள் போகும்போது தப்பித்துக்கொள்கிறார்கள். பால் தெரியாமல் படித்தவர்களுக்கு வேற்றுமை இரண்டு மடங்கு கஷ்டம், ஏனென்றால் மாறுவதே அந்த டேர், டீ, டாஸ்தான்.

வேற்றுமைகளில் நான்காவது எப்போது, மூன்றாவது எப்போது என்று குழம்புகிறது. தமிழ் தெரிந்தவருக்கு ஏதாவது சுலப வழி உண்டா?

உண்டு, ஜெர்மன் பாடப்புத்தகங்களில் இது இருக்காது. ஜெர்மன்காரர்கள் மூன்றாவது என்று எண்ணும் டாட்டிவ், நம்முடைய 'கு' உருபோடு வியக்கத்தக்க அளவு ஒத்துப்போகிறது. ஆங்கிலம் வழியாக யோசிக்கும்போதுதான் அது மறைந்துவிடுகிறது.

'அவனுக்கு உதவுகிறேன்' என்கிறோம். ஜெர்மனிலும் உதவுவதற்கு டாட்டிவ்: 'இஷ் ஹெல்ஃப ஈம்'. 'அவனுக்கு நன்றி சொல்கிறேன்', அதுவும் டாட்டிவ். 'எனக்குப் பிடிக்கிறது' என்பதற்கு 'எஸ் கெஃபெல்ட் மியா', 'எனக்குக் குளிர்கிறது' என்பதற்கு 'மியா இஸ்ட் கால்ட்', 'எனக்குச் சொந்தம்' என்பதற்கு 'எஸ் கெஹர்ட் மியா'. எல்லாவற்றிலும் அந்த 'எனக்கு' அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலம் இதில் பாதியை 'நான்' என்று தொடங்கும், அதனால் ஆங்கிலத்திலிருந்து மாற்றினால் தப்பு வரும்.

ஒத்துவராத இடங்களும் சில இருக்கின்றன, அவற்றைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். நாம் 'அவனுக்கு போன் செய்தேன்' என்போம், ஜெர்மனில் 'இஷ் ரூஃப ஈன் ஆன்', அதாவது நான்காவது வேற்றுமையில் 'அவனை'. திருத்துகிற தாள்களில் தமிழ் மாணவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் வேற்றுமைத் தப்பு இதுதான்.

வாக்கிய அமைப்பிலும் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. 'ஏனென்றால்' என்ற பொருளில் 'வைல்' வந்தால் வினை வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவர்கள் இதோடு மாதக்கணக்கில் போராடுவார்கள், நமக்கு வினை கடைசியில் வருவது பிறவிப் பழக்கம்.

படித்தால் புரிகிறது, கேட்டால் ஒன்றும் புரியவில்லை. என்ன செய்வது?

கண் முந்திக்கொண்டு காது பின்தங்கிவிட்டது. ஆன்லைன் வகுப்பில் எப்போதும் திரையில் எழுத்து இருப்பதால் இது நிறையப் பேருக்கு நடக்கும். எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், ஒரு நிமிஷ ஒலியைக் கேட்டுவிட்டு அதன் எழுத்துப் பிரதியைப் படியுங்கள். படித்ததும் எல்லாச் சொல்லும் தெரிந்த சொல்லாக இருந்தால் குறை காதில் இருக்கிறது. பாதிச் சொல் தெரியாவிட்டால் சொல்வளத்தில் இருக்கிறது, அதற்கு மருந்து வேறு.

காதுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று, கேட்டு எழுதுவது. தினமும் பத்து நிமிஷம், இரண்டு மூன்று வாக்கியம் போதும். ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லேயின் learngerman.dw.com தளத்தில் ஏ1-லிருந்து பி1 வரை இலவசப் பாடங்கள் வீடியோவோடும் எழுத்துப் பிரதியோடும் இருக்கின்றன. ஒரு வாக்கியத்தை மூன்று முறை கேட்டு எழுதி, பிரதியோடு ஒப்பிடுங்கள். எங்கே விட்டுப்போகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் சின்னச் சொற்கள்தான்: டேன், டேம், ஐனன். இவை பேச்சில் பாதி விழுங்கப்படும். சொல் முடிவில் இருக்கும் ட, க ஒலிகள் வல்லினமாகிவிடுவதும் ஆரம்பத்தில் ஏமாற்றும், எழுத்தில் 'டாக்' என்பதன் கடைசியில் மெலிந்த 'க' இருந்தாலும் காதில் கடினமாகத்தான் விழும்.

ஜனவரியிலிருந்து செய்தால் மே மாதத்தில் வித்தியாசம் தெரியும். ஜூலையில் தொடங்கினால் தேர்வுக்கு உதவாது.

ஏ2 வரை நன்றாகப் போனது. பி1-இல் இரண்டு மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

ஏ1, ஏ2-வில் ஒவ்வொரு வாரமும் புது இலக்கணம் வரும், முன்னேறுவது கண்ணுக்குத் தெரியும். பி1-இல் புதிய இலக்கணம் குறைவு, பழையதை யோசிக்காமல் பயன்படுத்துவதுதான் வேலை. அதோடு ஏ2-வுக்கும் பி1-க்கும் நடுவே ஆயிரம் சொல்லுக்கு மேல் கூடுகிறது, அவை பெரும்பாலும் சுற்றுச்சூழல், வேலை, உடல்நலம், ஊடகம் என்று பேச்சில் அடிக்கடி வராத பகுதிகளில் இருக்கின்றன.

அதனால் இந்தக் கட்டத்தில் பாடப்புத்தகத்தின் பக்க எண்ணைப் பார்க்க வேண்டாம். வாரம் ஒரு தலைப்பு எடுத்து, அதில் முப்பது சொல் சேர்த்து, எண்பது வார்த்தையில் ஒரு பத்தி எழுதித் திருத்தி வாங்குங்கள். திருத்தி வாங்குவது முக்கியம். நான்கு வாரத் தாள்களை அடுக்கிவைத்துச் சிவப்புக் கோடுகளை எண்ணினால் நிற்கிறீர்களா நகர்கிறீர்களா என்று தெரிந்துவிடும்.

பி1 தேர்வு எப்படி இருக்கும்? ஒரு பகுதியில் போய்விட்டால் எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டுமா?

வேண்டாம். கோத்தே பி1 நான்கு தனித்தனிப் பகுதிகள்: வாசித்தல் 65 நிமிஷம், கேட்டல் ஏறக்குறைய 40 நிமிஷம், எழுதுதல் 60 நிமிஷம், பேசுதல் இருவராகச் சேர்ந்து சுமார் 15 நிமிஷம். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வேண்டும். ஒன்றில் 55 வந்தால் அந்த ஒன்றை மட்டும் திரும்ப எழுதலாம். நம் திட்டத்தில் ஆகஸ்ட் காலியாக இருப்பது இதற்காகத்தான்.

கேட்டலில் நான்கு பாகம், அதில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும். மாதிரித் தேர்வில் இரண்டாவது முறை ஓட்டிப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். எழுதுதலில் மூன்று கேள்வி: நண்பருக்கு எண்பது வார்த்தை, ஒரு கருத்துக்கு எண்பது வார்த்தை, மரியாதையாக ஒருவருக்கு நாற்பது வார்த்தை. முதல் இரண்டுக்கும் நாற்பது நாற்பது மதிப்பெண், கடைசிக்கு இருபது. முதல் கடிதத்திலேயே முப்பது நிமிஷத்தைத் தொலைத்துவிட்டு மற்றவற்றுக்குத் தவிப்பதைப் பார்க்கிறேன். இருபத்தைந்து, இருபத்தைந்து, பத்து என்று பிரித்துக்கொண்டால் சரியாக வரும்.

பேசுதலில் ஒரு தலைப்பில் சின்ன உரை உண்டு. அதன் ஐந்து படிகள் மாறாது: தலைப்பு அறிமுகம், சொந்த அனுபவம், உங்கள் நாட்டில் நிலைமை, நன்மை தீமையும் உங்கள் கருத்தும், நன்றியோடு முடிப்பு. இந்த ஐந்துக்கும் தொடக்க வாக்கியங்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். அப்போதுதான் தயாரிக்கக் கொடுக்கும் நேரம் முழுவதும் விஷயத்துக்குக் கிடைக்கும்.

பி1 கையில் வந்துவிட்டது. கிளம்ப இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. பி2 தொடங்கலாமா?

புத்தகத்தை வாங்க வேண்டாம். ஆறு வாரத்தில் பி2-வின் நான்கு பாடம்தான் ஓடும், விசா அலைச்சலில் அதுவும் பாதியில் நிற்கும். பி2-வை அங்கே போய்ப் பல்கலைக்கழகத்தின் மொழி வகுப்பில் தொடர்வது மேல்.

இந்த வாரங்களில் நீங்கள் போகும் ஊரின் முகவரிப் பதிவுப் படிவத்தை நகராட்சித் தளத்திலிருந்து இறக்கி, அகராதி இல்லாமல் நிரப்பிப் பாருங்கள். ஒரு வாடகை விளம்பரத்தைப் படியுங்கள். அதில் 'கால்ட்' என்று போட்டிருந்தால் வெப்பமூட்டும் செலவு சேராத வாடகை, 'வார்ம்' என்றால் சேர்த்தது. இரண்டுக்கும் நடுவே உள்ள தொகை உங்கள் மாதக் கணக்கையே மாற்றிவிடும். அப்புறம், போகிற இடம் ம்யூனிக்கோ ஸ்டுட்கார்ட்டோ என்றால் அந்த வட்டாரத்து ஆட்கள் பேசும் வீடியோக்களைத் தினம் கொஞ்சம் கேளுங்கள். வகுப்பில் கேட்ட ஜெர்மன் மாதிரி அது இருக்காது, அதை விமானம் ஏறுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

ஜெர்மன் மொழியிலேயே நடக்கும் பாடப்பிரிவில் சேர ஆசை. இதே ஒரு வருஷத் திட்டம் போதுமா?

போதாது. அதற்குப் பொதுவாகக் கேட்பது டெஸ்ட்டாஃப் தேர்வில் நான்கு பகுதியிலும் நிலை 4, அல்லது டிஎஸ்எச் தேர்வில் நிலை 2. இரண்டும் சி1-ஐ ஒட்டிய தரம். தொடக்கத்திலிருந்து அங்கே போக, கல்லூரியும் இருந்தால் இரண்டு வருஷம் வையுங்கள். படிப்பை முடித்துவிட்டு ஒரு வருஷம் முழுநேரமாக உட்காருகிறவர்களில் சிலர் எட்டிவிடுகிறார்கள். அவர்களும் மார்ச்சுக்குள் பி1 தாண்டியிருக்கிறார்களா என்று பார்த்து, தாண்டாவிட்டால் அந்த வருஷ விண்ணப்பத்தை அடுத்த செமஸ்டருக்குத் தள்ளிவைத்துவிட வேண்டும்.